‘முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?’

இரண்டு இதழ்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “எனக்கு வயது 49. சர்க்கரை இல்லை. ரத்தத்தில் உப்பு 1.9 என்கிறார்கள். எங்கள் போர்வெல் தண்ணீர்தான் காரணமா?” அதற்கு வந்த பதிலில் தண்ணீர் பரிசோதனை, வெயிலில் வேலை செய்யும்போது குடிக்க வேண்டிய தண்ணீர், வலி மாத்திரை ஆகியவை பற்றிச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால், எங்கள் வீட்டு அனுபவத்தில் அந்த வாசகரிடம் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கேள்வியை எங்களிடம் ஒரு மருத்துவர் கேட்பதற்குள் ஏழு வருடங்கள் போய்விட்டன. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஓமலூர் பக்கம். அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து மூன்றரை ஏக்கர். கிணற்றில் தண்ணீர் இருந்தால் மஞ்சளும் மரவள்ளியும், இல்லாவிட்டால் சோளமும் நிலக்கடலையும். மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கத்து ஆண்கள் வேலை தேடிப் போகும் இடம் சேலம் வெள்ளிப் பட்டறைகள். அண்ணன் 1996-ல் போனார். மற்றவர்கள் கொலுசு வேலைக்குப் போக, அவருக்குக் கிடைத்தது வெள்ளி சுத்தம் செய்யும் உலை வேலை. கூலி கொஞ்சம் கூடுதல். 2017 வரை, 21 வருடம் அதே வேலை. பிறகு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கே வந்து காட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

கால் பெருவிரலில் ஆரம்பித்தது

2015-ல் ஒரு ராத்திரி அவருக்கு வலது கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே கத்தினார். பக்கத்தில் ஊசி போடுபவரிடம் கூட்டிப்போனோம். “யூரிக் ஆசிட் வாதம், கறி தின்னாதீங்க” என்று சொல்லி ஒரு வலி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். நான்கு நாளில் இறங்கிவிட்டது. அதன் பிறகு வருடத்துக்கு மூன்று, நான்கு முறை வந்தது. வரும்போதெல்லாம் அதே மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

2018-ல் தலைசுற்றல் என்று போனபோது ரத்த அழுத்தம் 160/100 இருந்தது. அப்போது எடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் 1.3. ‘கொஞ்சம் கூட இருக்கு, பாத்துக்கலாம்’ என்றார்கள். 2020-ல் 1.8. 2022 மாசி மாதம் 2.5. சர்க்கரை ஒரு முறைகூட ஏறியதில்லை. சிறுநீரில் நுரை இல்லை. கால் வீக்கம் இல்லை. சிறுநீர் பரிசோதனையில் புரதம் கொஞ்சம்தான். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் ஒரே மாதிரி சிறுத்துப் போயிருந்தன. கல் கிடையாது, அடைப்பும் கிடையாது.

அந்தத் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் போனோம். அவர் தாள்களைப் புரட்டிவிட்டு அண்ணனின் கால் விரலைப் பார்த்தார். “இந்த விரல் வலி முதல்ல வந்துச்சா, உப்பு முதல்ல ஏறுச்சா?” என்று கேட்டார்.

“விரல் வலிதாங்க முதல்ல. மூணு வருஷம் முன்னாடியே.”

“முன்னாடி என்ன வேலை செஞ்சீங்க?”

“விவசாயந்தாங்க.”

“அதுக்கு முன்னாடி?”

அண்ணன் உலை வேலையைப் பற்றிச் சொன்னார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்த உலையில என்னென்ன போடுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார்.

உலையில் என்ன நடக்கிறது?

பழைய கொலுசு, அரைஞாண், பட்டறைத் தூசி, உடைந்த பாத்திரம் என்று வரும் வெள்ளியில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். அதைச் சுத்தமாக்க ஒரு பழைய வழி உண்டு. தரையில் குழி எடுத்து, சிமென்டும் சாம்பலும் கலந்து கிண்ணம் மாதிரி பூசிக் காயவைப்பார்கள். அதில் வெள்ளியைப் போட்டு, கூடவே காரீயத்தைப் போட்டு, மேலே கரி நெருப்பை வைத்து ஊதுவார்கள். வெள்ளியில் அழுக்கு எவ்வளவு அதிகமோ, காரீயமும் அவ்வளவு அதிகம்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் பொதுவாக ‘ஈயம்’ என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். அது சுத்தமானதாக இருந்தால் பயமில்லை. பேட்டரித் தகட்டில் இருப்பதும், மீன்வலைக் குண்டில் இருப்பதும் காரீயம். விஷம் என்று நான் சொல்வது காரீயத்தைத்தான். வெள்ளீயத்தைவிடக் காரீயம் விலை குறைவு என்பதால், இரண்டையும் கலந்து விற்கிறவர்களும் உண்டு.

காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். அவ்வளவு சூட்டில் காற்றை ஊதும்போது காரீயம் காற்றோடு சேர்ந்து மஞ்சளும் சிவப்புமான ஒரு பஸ்பமாக மாறுகிறது. அது செம்பு முதலான அழுக்கையும் தன்னோடு கரைத்துக்கொண்டு கிண்ணத்தின் பூச்சுக்குள் இறங்கிவிடுகிறது. கடைசியில் மேலே வெள்ளி மட்டும் பளிச்சென்று மின்னி நிற்கும். அந்த மின்னலைப் பார்த்து உலையை நிறுத்துவதுதான் அண்ணனின் கைத்திறன். அவரைப் போல அந்தச் சமயத்தைச் சரியாகக் கணிப்பவர் அந்தப் பட்டறையில் வேறு யாரும் இல்லை.

காரீயம் முழுவதும் கிண்ணத்துக்குள் இறங்குவதில்லை. ஒரு பகுதி புகையாகப் போகிறது. குனிந்து, உலைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளின் மூக்குக்குத்தான் அது முதலில் போகிறது. பிறகு அந்தக் கிண்ணத்தை உடைத்து, பொடித்து, கரியோடு மறுபடி உருக்கிக் காரீயத்தைத் திரும்ப எடுப்பார்கள். அதில் புகையோடு தூசியும் சேரும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைத்தார்கள். காரீயப் புகை துணியின் இழைகளுக்கு நடுவே சாதாரணமாகப் போய்விடும். மதியம் அதே கையால் பீடி, அதே கையால் சாப்பாடு.

அண்ணனுக்கு அந்தக் காலத்தில் அடிக்கடி வயிற்றில் முறுக்கு வலி வரும், மலச்சிக்கல் இருக்கும். சூட்டு உடம்பு என்று இளநீரும் வெந்தயமும் கொடுப்போம். அது காரீயம் உடம்பில் ஏறியதன் அடையாளம் என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

எலும்பில் போட்ட வைப்பு

வேலையை விட்டு ஐந்து வருடம் ஆனபிறகு எப்படி உப்பு ஏறும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. மருத்துவர் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

மூச்சிலும் வயிற்றிலும் போன காரீயம் முதலில் ரத்தத்தில் சேரும். ரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் வெளியே போவது ஒரு பங்குதான். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் கொண்டுபோய் வைக்கிறது. வயதுக்கு வந்தவர் உடம்பில் இருக்கும் காரீயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான். அங்கிருந்து அது பாதியாகக் குறைய இருபது, முப்பது வருடம்கூட ஆகும். நாம் வேலையை விட்டாலும் எலும்பு தன் வைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திருப்பித் தந்துகொண்டே இருக்கும்.

சிறுநீரகத்தில் முதலில் வடிகட்டி, அதற்குப் பிறகு நுண்ணிய குழல்கள். வயலில் மடையும் வாய்க்காலும் மாதிரி. சர்க்கரை நோய் பெரும்பாலும் மடையைக் கெடுக்கிறது. அதனால் புரதம் ஒழுகி, சிறுநீரில் நுரை வரும். காரீயம் கெடுப்பது வாய்க்காலை. குழல்களின் செல்கள் அழிந்து, சுற்றிலும் தழும்பு விழுகிறது. புரதம் அதிகம் ஒழுகாததால் நுரையும் வராது, வீக்கமும் வராது. சிறுநீரகம் சத்தமில்லாமல் சுருங்கும். கிரியேட்டினினோ, சிறுநீரக வேலையில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறும். 1.3 என்று வந்தபோதே அண்ணனுக்கு நிறையப் போயிருந்தது.

அந்தக் குழல்கள்தான் யூரிக் ஆசிடை வெளியே தள்ள வேண்டும். காரீயத்தால் கெட்ட குழல் அதைத் தள்ளாமல் திருப்பி ரத்தத்துக்கே அனுப்புகிறது. அது போய் மூட்டில் படிகிறது. சிறுநீரகம் கெட்ட பலருக்கு யூரிக் ஆசிட் ஏறும். ஆனால், உப்பு ஏறுவதற்கு முன்பே விரல் மூட்டில் வலி வந்து தாக்குவது அவ்வளவு சாதாரணமில்லை. விரல் வலி, ரத்த அழுத்தம், நுரையில்லாமல் மெல்ல ஏறும் உப்பு, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் காரீயத்தை நினைக்க வேண்டும் என்றார் மருத்துவர். விரல் வலியைத்தான் அவர் முதலில் கேட்டதற்குக் காரணம் அதுவே.

இதை உலகத்துக்குக் காட்டியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். அங்கே பிரிஸ்பேன் பக்கத்தில் மர வீடுகளின் திண்ணைக் கம்பிகளுக்குக் காரீயம் கலந்த வெள்ளைப் பெயின்ட் அடிப்பார்கள். வெயிலில் அது பொடியாக உதிரும். கம்பியைப் பிடித்து விளையாடும் குழந்தைகள் அதே விரலை வாயில் வைப்பார்கள். வயிற்று வலியும் கை கால் தளர்ச்சியுமாக வந்த குழந்தைகளைப் பார்த்த கிப்சன் என்ற கண் மருத்துவர், பெயின்ட்தான் காரணம் என்று 1904-ல் எழுதினார். 1922-ல் சட்டம் வந்தது. பிழைத்த குழந்தைகள் சரியாகிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால், 1950-களில் ஹெண்டர்சன் என்பவர், சிறு வயதில் காரீய விஷத்துக்குச் சிகிச்சை பெற்ற சுமார் 400 பேரைத் தேடிப் பார்த்தார். 165 பேர் இறந்திருந்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது சிறுநீரகக் கோளாறும் ரத்த அழுத்தமும். ஐந்து வயதில் நக்கிய பெயின்ட் முப்பது வயதில் சிறுநீரகத்தைக் கேட்டிருக்கிறது.

பரிசோதனையும் அதன் எல்லையும்

அண்ணனுக்கு ரத்தத்தில் காரீய அளவு பார்த்தார்கள். இது நாம் வழக்கமாக எடுக்கும் ‘முழு உடல் பரிசோதனை’யில் கிடையாது. தனியாகக் கேட்க வேண்டும். ஆய்வகம் ரத்தத்தை எடுத்து வெளியூருக்கு அனுப்பியது. எடுப்பதற்கு முன் கையையும் முழங்கையையும் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார்கள். தோலில் இருக்கும் தூசி ஊசியோடு சேர்ந்தால் கணக்கு தப்பிவிடும்.

முடிவு, 100 மில்லி ரத்தத்துக்கு 24 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 5 இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். வேலையை விட்டு ஐந்து வருடம் ஆன மனிதருக்கு 24.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அண்ணனுக்கு அளவு கூட இருந்ததால் தெரிந்தது. சிலருக்கு வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தால் ரத்தத்தில் குறைவாகக் காட்டும். எலும்பில் நிறைய இருக்கும். அவர்களுக்கு, காரீயத்தைப் பிடித்து இழுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று நாள் சிறுநீரைச் சேர்த்து அதில் எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பார்கள். ஆகவே, ரத்த அளவு குறைவு என்ற ஒரு தாளை வைத்துக்கொண்டு காரீயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேலை வரலாறும் சேர்ந்தால்தான் கணக்கு முழுதாகும்.

அந்த இழுக்கும் மருந்தைச் சிகிச்சையாகவும் கொடுக்கிறார்கள். தைவானில் 64 பேரை வைத்துச் செய்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் பெற்றவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் குறைந்தது. ஆனால், அது சிறிய ஆய்வு, எல்லோருக்கும் பொருந்தும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. அதோடு, தப்பாகக் கொடுத்தால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவமனையில் படுக்கவைத்து, அளந்துதான் ஏற்ற வேண்டும். அண்ணனுக்கு இடைவெளி விட்டு நான்கு சுற்று ஏற்றினார்கள்.

வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார்கள். ஏழு வருடமாக விரல் வலிக்குப் போட்ட மாத்திரையும் சேர்ந்துதான் சிறுநீரகத்தை இடித்திருக்கிறது. யூரிக் ஆசிடுக்கு வேறு மருந்து, ரத்த அழுத்தத்துக்கு மருந்து, உப்பு குறைத்த சாப்பாடு. உப்பு 2.5-ல் இருந்து இரண்டு வருடம் கழித்து 2.7. போன சிறுநீரகம் திரும்பி வரவில்லை. ஆனால் ஓட்டம் நடையாகியிருக்கிறது. காரீயத்தை எடுத்ததாலா, மாத்திரையை நிறுத்தியதாலா, அழுத்தம் கட்டுக்குள் வந்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

கிணற்றடியில் கிடந்தது

இத்தோடு முடிந்திருந்தால் இது அண்ணனின் கதை மட்டும்தான். மருத்துவர் கடைசியாக ஒன்று கேட்டார்: “பட்டறையில இருந்து வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்தீங்களா?”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் கிணற்றடி மேடு, மாட்டுத் தொழுவத்தின் வாசல், அண்ணி கீரைப்பாத்தி போட்டிருக்கும் இடத்தின் ஓரம், எல்லாம் பள்ளமாக இருந்தவை. காரீயம் எடுத்தது போக மிச்சமிருக்கும் உலைக்கட்டியைப் பட்டறையில் சும்மா தருவார்கள். கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், சேறு ஆகாது. இரண்டு டெம்போ கொண்டுவந்து கொட்டி மேடாக்கியது நானும் அண்ணனும்தான். அந்த மேட்டில்தான் அண்ணனின் பேத்தி மண் வைத்துச் சோறாக்கி விளையாடுவாள். அவளுக்கு அப்போது வயது நான்கு.

அவளுக்கும் ரத்தம் எடுத்தோம். 9. வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது, ஓடி ஆடும் குழந்தை. குழந்தைகளின் வயிறு பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காரீயத்தை உறிஞ்சும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். சிறுநீரகத்துக்கு முன்னால் அது மூளையைப் பாதிக்கும். அன்று ராத்திரி அண்ணன் சாப்பிடவில்லை. “என் வவுத்துக்குப் போனது போவட்டும்டா, புள்ளைக்கும் நானே ஊட்டிட்டேனே” என்றார்.

மண்ணைப் பரிசோதிக்கக் கொண்டுபோனபோது இன்னொன்று தெரிந்தது. நமக்குத் தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விஷயங்கள் பார்க்கிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு முதலான சத்துகளும், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்தும் அதில் வரும். காரீயமும் காட்மியமும் வராது. அட்டை பச்சையாக இருப்பதால் மண்ணில் விஷம் இல்லை என்று பொருளில்லை. கன உலோகம் பார்க்கும் ஆய்வகத்தில் தனியாகச் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புத்தன்மை உள்ள மண்ணில் காரீயம் சுலபத்தில் கீழே இறங்காது. மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தோம், பிழையில்லை. ஆகவே, வினை தூசியிலும் மேல் மண்ணிலும்தான். நனைத்துவிட்டு, தூசி பறக்காமல், கட்டியோடு கீழே ஒரு அடி மண்ணையும் சேர்த்து எடுத்தோம். அதை எங்கே போடுவது என்பது பெரிய கேள்வி. ஓடையிலோ பக்கத்துக் காட்டிலோ கொட்டினால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் போகும். மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விசாரித்து, அபாயக் கழிவாக அனுப்பி வைத்தோம். அதற்கு ஆன செலவு அந்த வருட மரவள்ளி வருமானத்தில் பாதி. எடுத்த இடத்தில் நல்ல செம்மண் போட்டு, கிணற்றடிக்குச் சிமென்ட் பூசினோம்.

கீரைப்பாத்தியை வேறு பக்கம் மாற்றினோம். காரீயம் உள்ள மண்ணில் கீரையும் கிழங்கும்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டியவை. கீரையில் தூசி ஒட்டும், கிழங்கின் தோலில் மண் ஒட்டும். தக்காளி, கத்தரி, அவரை போன்ற காய்களுக்குள் குறைவாகத்தான் போகும். பழைய இடத்தில் இப்போது அரளியும் செண்டுமல்லியும் நிற்கின்றன. மரவள்ளியை வழக்கம்போல் நன்றாகக் கழுவி, தோலை உரித்துத்தான் வேகவைக்கிறோம்.

அண்ணி வீட்டைப் பெருக்குவதை விட்டு ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழுந்து மறுபடி படியும். அண்ணனின் பழைய பட்டறைச் சட்டைகளைத் துடைக்கும் துணியாக வைத்திருந்தோம். அவற்றையும் அந்தக் கழிவோடு அனுப்பினோம். பேத்திக்குக் கேழ்வரகுக் கூழும் பாலும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தோம். அது காரீயத்தை வெளியே எடுக்காது, புதிதாக உறிஞ்சுவதைக் குறைக்கும். ஆறு மாதத்தில் 9 என்பது 6 ஆனது. போன வருடம் 4.

கொலுசுப் பொடி ஊதுகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் உலை வேலை செய்பவர்கள் சிலர்தான். கொலுசு பற்றவைக்கும் வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது, பெண்களும் செய்கிறார்கள். ஆகவே, காட்மியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பற்றவைக்கும் பொடி குறைந்த சூட்டில் உருக வேண்டும் என்பதற்காக வெள்ளியோடு காட்மியம் கலப்பது பழைய வழக்கம். நகைக் கடையில் ‘கே.டி.எம்.’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது காட்மியம் வைத்துப் பற்றவைத்த நகை. காட்மியம் 767 டிகிரியில் ஆவியாகிவிடும். ஊதுகுழல் நெருப்பு அதைவிடச் சூடு. எனவே, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புகையாக மேலே வரும்.

காட்மியம் தங்குவது சிறுநீரகத்தில்தான். பாதியாகக் குறைய பத்து முதல் முப்பது வருடம். இதுவும் முதலில் கெடுப்பது குழல்களையே. அதனால் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் ஆரம்பத்தில் பிடிபடாது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற சிறிய புரதத்தைச் சிறுநீரில் பார்க்க வேண்டும். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை விவசாயிகள், மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம் கலந்த தண்ணீரை நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். அந்த அரிசியைச் சாப்பிட்ட வயதான பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு ஒடிந்தது. ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்குது வலிக்குது’ என்பதே அந்த நோய்க்குப் பெயர். 1968-ல் அந்நாட்டு அரசு அதை ஆலைக் கழிவால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது.

பொடி வாங்கும்போது காட்மியம் இல்லாததா என்று கேளுங்கள். சமையலறையிலும் குழந்தை படுக்கும் அறையிலும் ஊதாதீர்கள். புகை நம் முகத்தைத் தாண்டாமல், அந்தப் பக்கமாக வெளியே போகும்படி மின்விசிறி வையுங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுச் சாப்பிடுங்கள். காட்மியம் இல்லாத பொடி கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும், பழக ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள் மாறியவர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்களுக்குக் காரீயம்தான் என்று நான் சொல்லவில்லை. தண்ணீராகவும் இருக்கலாம், வெயிலாகவும் இருக்கலாம், வலி மாத்திரையாகவும் இருக்கலாம். ஆனால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் நீங்கள் 18 வயதிலிருந்து செய்த வேலைகளை வருடத்தோடு எழுதிக்கொண்டு போங்கள். பேட்டரி உடைத்தது, பழைய பெயின்ட் சுரண்டியது, உலை, பற்றவைப்பு, பூச்சு, எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர் தெரியாத கடையில் வாங்கிச் சாப்பிட்ட பஸ்பம், செந்தூரம் இருந்தால் அதையும் சேருங்கள். சிலவற்றில் காரீயமும் பாதரசமும் மருந்துப் பொருளாகவே சேர்கின்றன. விரல் மூட்டு வலி எந்த வருடம் வந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அண்ணனோடு அந்த உலையில் நின்றவர்கள் ஆறு பேர். ஒருவர் ‘கிட்னி ஃபெயிலியர்’ என்று 2019-லேயே போய்விட்டார். அவருக்கும் கால் விரல் வலி இருந்தது என்று அண்ணன் இப்போதுதான் நினைவுபடுத்திச் சொல்கிறார். மீதி நான்கு பேரின் வீட்டுக்கும் அண்ணன் தன் தாள்களை எடுத்துக்கொண்டு போய்வந்தார். மூன்று பேர் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். நான்காமவர், “எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அப்பப்போ இந்தப் பெருவிரல்தான்...” என்று ஆரம்பித்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே அண்ணன் போய் அவரைக் கையோடு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார்.